இதைச் செஞ்ச கை

மாமியார் கையில் அடித்துச் சொன்ன சொல்லை நம்பித்தான் பெரியவள் அன்று காலை படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்தாள். போன வாரம் நாம் அவளை விட்டது அந்த வாசலில்தான். படிக்கத் தவறியவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். கணவன் நோயில் படுத்திருந்தபோது அவனுக்காக அவள் போட்ட எலுமிச்சை ஊறுகாயைத்தான் இன்று கொழுந்தன் பாட்டிலில் அடைத்து விற்கிறான். பெயர் ‘ஜாடிப் பாட்டி ஊறுகாய்’. பாட்டி என்றால் விற்கும், புருஷனை இழந்த அண்ணி என்றால் விற்காது என்று யாரோ படித்த ஆள் அவனுக்குச் சொல்லியிருந்தார். ஆகவே முதல் டிவி விளம்பரத்தில் கதை சொல்லப்போகிறவர் மாமியார்.

மாமியாருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள் இன்றும் அவரை ‘ஹலோ அம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். குரல் அப்படி. முகமும் களையான முகம். கை மட்டும்தான் காட்டிக் கொடுத்துவிடும். ஒத்திகையில் அவர் கத்தியைப் பிடித்த விதத்தைப் பார்த்து டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதனால் முகம் மாமியாருடையது, குரல் மாமியாருடையது, கை மட்டும் பெரியவளுடையது என்று முடிவானது. பெரியவள் ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கதையின் முடிவில் மாமியார் ஒரு வரி சொல்ல வேண்டும்: ‘என் மூத்த மருமக கைப்பக்குவம்.’ அவ்வளவுதான். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், அந்த ஒரு வரி போதும்.

“இதுகூடச் சொல்ல மாட்டேனாடி?” என்று மாமியார் அவள் உள்ளங்கையில் அடித்துச் சொல்லியிருந்தார்.

கூடத்தில் ஒரு மூலையில் சமையலறையைப் பலகையால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே வெயில் இல்லை, ஒரு பெரிய விளக்கு இருந்தது. அடுப்புக்குப் பின்னால் சுவர் பாதியோடு நின்றுவிட்டது. பெரியவளுக்கு அந்த அடுப்பில் ஒரு டீ போடக்கூட மனசு வராது.

மேக்கப் பெண் அவளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு கைகளையும் துண்டின் மேல் பரப்பினாள்.

“தோலை இழுத்துப் பிடிச்சுக்கோங்க அக்கா. நான் மேலே இதைத் தடவி, காத்து அடிச்சுக் காய வைப்பேன். அப்புறம் விட்டீங்கன்னா சுருக்கம் தானா விழும்.”

பால் போன்ற ஒரு ரப்பர் திரவம். தடவினாள், சின்ன ஊதுகுழாயால் உலர்த்தினாள், மறுபடி தடவினாள். கையை விட்டதும் தோல் சுருங்கிக்கொண்டது. அதன் மேல் மெல்லிய தூரிகையால் பழுப்புப் புள்ளிகளைத் தொட்டு வைத்தாள். மாமியாரின் கைகளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். எந்தப் புள்ளி எந்த விரலுக்குக் கீழே என்று பார்த்துப் பார்த்து வைத்தாள்.

கட்டைவிரலில் பழைய கத்தித் தழும்பு ஒன்று இருந்தது. அதை மட்டும் பூசி மறைத்தாள்.

“இது எதுக்கும்மா மறைக்கிற?”

“பாட்டி கையில இல்லையே அக்கா. குளோசப்ல வித்தியாசமாத் தெரியும்.”

ஊறுகாய் போட்டு வந்த தழும்பு அது. பெரியவள் சிரித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளால் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த ஒரு வரி இன்னும் அவளிடம் இருந்தது.

முதலில் மாமியாரின் காட்சி. பட்டுப் போலத் தெரியும் ஒரு நூல் புடவை, வெள்ளி முடி, மூக்குக்கண்ணாடி. எதிரே மேஜையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நடிகன். பெரிய பையனாக, அதாவது பெரியவளின் கணவனாக நடிக்க வந்தவன். கன்னத்தில் கொஞ்சம் சோர்வு பூசியிருந்தார்கள். அவன் காலடியில் மேஜைக்கு மறைவாக ஒரு பிளாஸ்டிக் வாளி.

“அது எதுக்கு?” என்று கேட்டாள் பெரியவள்.

“துப்பறதுக்கு,” என்றான் விளக்குக்காரன். “இருபது டேக் போகும். இருபது வாய் ஊறுகாயை முழுங்கினா வயிறு என்னத்துக்கு ஆகும்?”

டைரக்டர் கையில் ஸ்டாப் வாட்ச். மொத்தம் முப்பது விநாடி. கடைசி மூன்று விநாடி பாட்டிலுக்கு மட்டும், அப்போது வேறு எதுவும் தெரியக்கூடாது. ஆக, பாட்டி கதையை இருபத்தேழுக்குள் முடித்தாக வேண்டும். கீழே எறும்பு அளவு எழுத்தில் ‘சித்தரிப்பு மட்டுமே’ என்று ஒரு வரி ஓடும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். படிக்க முடியாத அளவில்தான் போடுவார்கள்.

“ஆக்‌ஷன்.”

மாமியார் தலையை லேசாகச் சாய்த்தார். டெலிபோனில் ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்து வைத்த குரல், வழுக்கிக்கொண்டு வந்தது.

“என் பெரிய பையனுக்குக் காய்ச்சல்ல நாக்கு ருசியே செத்துப்போச்சு. எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிடுவான். எலுமிச்சம்பழத்தைச் சுடுதண்ணியில போட்டு எடுத்து, ஒவ்வொண்ணா ஈரம் போகத் துடைச்சு, நறுக்கி, உப்புப் போட்டு ஜாடியில வச்சேன். தோல் இளகுற வரைக்கும் தினமும் குலுக்கினேன். அவசரப்படல. ஒரு நாள் அவன் நாக்குல ஒரு துளி வச்சேன். ‘அம்மா, இன்னும் கொஞ்சம்’னான்.”

பெரியவள் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள்தான் எல்லாம். ஆனால் அவன் அன்று சொன்னது ‘அம்மா’ என்றில்லை. ‘இன்னொரு துளி வையேன்’ என்று அவளிடம்தான் சொன்னான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அது. ஜாடி காலியாகும் முன்பே அவன் போய்விட்டான். விளம்பரத்தில் அவன் சாகவில்லை, சப்புக்கொட்டிச் சிரித்தான். சரி, விளம்பரம்தானே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.

மாமியார் நேராகக் கேமராவைப் பார்த்தார்.

“இதைச் செஞ்ச கை மாறல. ருசியும் மாறாது.”

“கட்,” என்றார் டைரக்டர்.

நடிகன் குனிந்து வாளியில் துப்பிவிட்டு வாயைக் கொப்புளித்தான்.

வரி வரவில்லை. மறந்திருப்பார் என்று பெரியவள் நினைத்தாள். இரண்டாவது டேக்கிலும் வரவில்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவதில் நடிகன் துப்பும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊறுகாய் அவள் வீட்டு ஜாடியில் இருந்து வந்தது. தொழிற்சாலைச் சரக்கு கேமராவில் சேறு மாதிரித் தெரிகிறது, வீட்டில் போட்டதில்தான் எண்ணெய் சிவந்து மேலே நிற்கிறது என்று அந்த ஜாடியைக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

அவள் கொழுந்தனைத் தேடிப் போனாள். அவன் ஓரமாக நின்று, கேமராவோடு இணைத்திருந்த சின்னத் திரையில் தன் அம்மாவைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்த வரி?”

“எந்த வரி அண்ணி?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க.”

அவன் தலையைச் சொறிந்தான். “டைம் பத்தல அண்ணி. முப்பது செகண்டுதான். ஒரு செகண்ட் கூடினாலும் டிவிக்காரன் அடுத்த ஸ்லாட்டுக்குக் காசு கேப்பான். மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா, வீட்ல எல்லாருக்கும் தெரியும்ல யார் போட்டதுன்னு.”

“வீட்ல தெரியுறதுக்கா நான் கையைக் கொடுத்தேன்?”

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த டைரக்டருக்கு இவர்கள் வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. நல்ல மனுஷன். உதவி செய்வதாக நினைத்து வாயைத் திறந்தார்.

“டைம் எல்லாம் இருக்குங்க. அம்மா ரொம்பச் சுத்தமாப் பேசுறாங்க, இருபத்திநாலுலயே முடிச்சிடறாங்க. அந்த மருமக வரி எனக்குப் பிடிச்ச வரி. அம்மாதான் காலையில வந்ததும் எடுத்துடுங்கன்னாங்க.”

கொழுந்தன் தரையைப் பார்த்தான். பெரியவள் சுருங்கிப் புள்ளி விழுந்த தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேக்கப் அறைக்குப் போனாள்.

மாமியார் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலேயே மருமகளைப் பார்த்துவிட்டார்.

“கதவைச் சாத்திட்டு வா.”

“நீங்களா அத்தை எடுக்கச் சொன்னீங்க?”

“ஆமாம்.”

மறுப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்து வந்தவள் கதவைச் சாத்தினாள்.

“கையில அடிச்சுச் சொன்னீங்களே.”

“சொன்னேன். சொல்லும்போது சொல்லணும்னுதான் நெனச்சேன்.” மாமியார் திரும்பி உட்கார்ந்தார். “ராத்திரியெல்லாம் பேசிப் பேசிப் பார்த்தேன்டி. அந்த வரி வந்ததும் கதை உன்னோடதா ஆயிடுது. நான் சும்மா பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தவளா ஆயிடுறேன்.”

“வேடிக்கை பார்த்தவங்கதானே நீங்க.”

சொன்ன பிறகு அதை எடுக்க முடியாது. பெரியவளுக்கு எடுக்கத் தோன்றவும் இல்லை.

மாமியாரின் முகம் மேக்கப்புக்குக் கீழே என்ன ஆனது என்று தெரியவில்லை. குரல் மட்டும் இறங்கியது.

“இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கேட்டுட்டேன். சமைக்கத் தெரியாதவ, சம்பாதிக்கப் போனவ, பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டத் தெரியாதவ. என் மாமியார் சொன்னா, என் புருஷன் சொன்னாரு, நாத்தனாருங்க சிரிச்சாங்க. எம்பிள்ளை படுத்திருந்தப்பவும் நான் ஷிஃப்டுக்குத்தான் போனேன். போனாத்தானே மருந்து வாங்க முடியும்? வந்து பார்த்தா நீ ஊட்டி முடிச்சிருப்ப. வாயைத் துடைச்சு விட்டிருப்ப. நான் வாசல்ல நின்னு பார்த்துட்டு செருப்பைக் கழட்டுவேன்.”

“அதுக்கு நான் என்ன பண்ணுவேன் அத்தை?”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நீ ஊட்டினது நெஜத்துல. அது உன்கிட்டேயே இருக்கு, யாரும் பிடுங்க முடியாது. நான் டிவியிலயாவது ஊட்டிக்கிறேன். ‘அம்மா, இன்னும் கொஞ்சம்’னு எவனோ ஒரு பையன் சொல்றான். அது போதும் எனக்கு.”

அவர் அழவில்லை. மேக்கப் கலைந்துவிடும் என்று அடக்கினாரோ, அழுகை வரவில்லையோ, நமக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்களில் பாதிப்பேர் மாமியாருக்காக இரங்கியிருப்பீர்கள். எழுதுகிற எனக்கே கொஞ்சம் இளகிவிட்டது. ஆனால் பெரியவள் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். வயிற்றில் ஒரு பிள்ளை தங்கவில்லை, பக்கத்தில் புருஷன் இல்லை, அவன் கடைசியாக ஆசையாகக் கேட்ட ஒரு துளி மட்டும் இருந்தது. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பெருந்தன்மையாகச் சிரிக்க வேண்டுமாம்.

“உங்களுக்கு இன்னொரு பிள்ளை இருக்கான் அத்தை,” என்றாள் பெரியவள். “அவனுக்கு ஊட்டியிருக்கலாமே. எனக்கு அவர் ஒருத்தர்தான் இருந்தாரு.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டாள். கையில் பூசியதை வீட்டில் போய் உரித்துக்கொள்ளலாம். கைப்பையை எடுத்தாள். கூடத்தைக் கடந்தால்தான் வாசல். கடக்கும்போது நின்றுவிட்டாள்.

பலகைச் சமையலறையில் அடுத்த காட்சிக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுப் பொருளை அழகுபடுத்தவென்றே வந்திருந்த ஒரு பெண், மேஜையில் அடுக்கிய எலுமிச்சம்பழங்களின் மேல் குப்பியால் தண்ணீர் தெளித்தாள். தண்ணீரோடு கிளிசரின் கலந்திருந்தது, அப்போதுதான் துளி உருண்டு ஓடாமல் விளக்கில் மின்னிக்கொண்டு நிற்கும். கத்தியிலும் தெளித்தாள். எல்லாம் பளபளத்தது.

அதற்குப் பக்கத்தில் திறந்த வாயோடு நின்றது பெரியவளின் ஜாடி.

அந்த ஜாடியில் மருந்து எதுவும் கிடையாது. தொழிற்சாலைப் பாட்டிலில் வினிகர் உண்டு, கெடாமல் இருக்க ஒரு பொடி உண்டு, ஈரக்கையை விட்டாலும் தாக்குப்பிடிக்கும். வீட்டு ஜாடிக்கு உப்பும் புளிப்பும் மேலே ஒரு விரற்கடை நிற்கும் எண்ணெயும்தான் காவல். இந்த முறை அவள் உப்பையும் குறைத்துத்தான் போட்டிருந்தாள். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. எண்ணெயைக் காய்ச்சி, சுத்தமாக ஆறவிட்டு ஊற்றியிருந்தாள். சூடு கொஞ்சம் இருந்தால்கூட மூடியில் ஆவி கோத்து உள்ளே சொட்டும். அந்த ஜாடிக்கென்று ஒரு மரக்கரண்டி, அதை அவள் வெயிலில் காயவைத்துத்தான் எடுப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போனால் முடிந்தது கதை. மறுநாளே தெரியாது. சில நாளில் மேலே வெள்ளையாக ஏடு மாதிரி படரும், அப்புறம் பூஞ்சை, வாடை.

“ஜாடிப் பக்கம் தெளிக்காதம்மா,” என்று அவளையறியாமல் சொல்லிவிட்டாள்.

“சரிங்க அக்கா,” என்றாள் அந்தப் பெண்.

கொழுந்தன் ஓடி வந்தான். “அண்ணி, போயிடாதீங்க. விளக்கு வாடகை ஓடிட்டிருக்கு. இந்த ஒரு ஷாட் முடிச்சுக் கொடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த ஜாடியை அடுத்த வாரம் அறிமுக விழாவுல வைக்கிறோம். கடைக்காரங்க எல்லாரும் வராங்க. இதுலேருந்துதான் அத்தனை பேருக்கும் ருசிக்கக் கொடுக்கப் போறோம்.”

“பாட்டில்ல இருக்கிறது வேற, ஜாடியில இருக்கிறது வேறதானே?”

“விழாவுக்கு இதுதான் அண்ணி. ருசி பார்த்தாத்தானே ஆர்டர் கொடுப்பாங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அம்மா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. அவங்க வயசுக்கு ஒரு ஆசை.”

பெரியவள் கைப்பையைக் கீழே வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று கொழுந்தன் நினைத்துக்கொண்டான். உண்மையில் அவளால் அந்த ஜாடியை இத்தனை ஈரக்கைகளுக்கு நடுவில் விட்டுப் போக முடியவில்லை. பழக்கம், வேறொன்றும் இல்லை.

கேமராவை அவள் விரல்களுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். முகம் தெரியாதபடி முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். புடவைத் தலைப்பு மட்டும் மாமியாருடையது மாதிரியே தெரிய வேண்டும் என்று அதே துணியில் ஒரு துண்டைத் தோளில் குத்தினார்கள். கை ஓட்டமும் பேச்சும் ஒத்துப்போகட்டும் என்று மாமியாரைக் கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து வசனம் பேசச் சொன்னார் டைரக்டர்.

“ஆக்‌ஷன்.”

“என் பெரிய பையனுக்குக் காய்ச்சல்ல நாக்கு ருசியே செத்துப்போச்சு.”

பெரியவளின் கை பழத்தை எடுத்தது. நாலாகக் கீறி, எட்டாக்கியது. விதையைக் கத்தி நுனியால் தள்ளியது.

“ஒவ்வொண்ணா ஈரம் போகத் துடைச்சு...”

பழத்தில் துளி துளியாகத் தண்ணீர் மின்னியது. அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டைரக்டர் கட்டைவிரலை உயர்த்தினார்.

“ஒரு நாள் அவன் நாக்குல ஒரு துளி வச்சேன். ‘அம்மா, இன்னும் கொஞ்சம்’னான்.”

மாமியாரின் குரல் இந்த முறை உண்மையாகவே உடைந்தது. காலையில் இருந்து எடுத்த டேக் எதிலும் அப்படி வரவில்லை. கூடமே அசையாமல் நின்றது. கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது கரண்டி. பெரியவள் கையை நீட்டினாள். அவளுடைய மரக்கரண்டி அங்கே இல்லை. அது பழசாகக் கறுத்திருக்கிறது என்று எடுத்துவிட்டு, புதிதாக ஒரு பித்தளைக் கரண்டியை வைத்திருந்தார்கள். அழகான கரண்டி. அதன் குழியில் தெளித்த தண்ணீர் ஒரு பெரிய துளியாகத் திரண்டு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் விரல்கள் ஒரு கணம் தயங்கின. வாயைத் திறந்து ‘இருங்க, கரண்டியில ஈரம் இருக்கு’ என்று சொன்னால் போதும். துடைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள். எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் அதை. வேலைக்காரர்களிடம், கொழுந்தனிடம், இதோ பின்னால் உட்கார்ந்திருக்கிற மாமியாரிடம்.

“இதைச் செஞ்ச கை மாறல,” என்றது மாமியாரின் குரல்.

பெரியவள் கரண்டியை எண்ணெய்க்குள் இறக்கினாள். அடிவரை இறக்கி, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள்.

“ருசியும் மாறாது.”

“கட். ஓகே. அற்புதம்,” என்றார் டைரக்டர். எல்லாரும் கைதட்டினார்கள், மாமியாருக்கு.

மேக்கப் பெண் வெந்நீர்த் துணியோடு வந்து அவள் கையில் இருந்து அந்த வயதான தோலைத் துண்டு துண்டாக உரித்தாள். கட்டைவிரல் தழும்பு மறுபடி வெளியே வந்தது. எரிந்தது.

மாமியார் மெதுவாக எழுந்து அருகில் வந்தார். சின்னத் திரையில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுக் காட்டியிருந்தார்கள். முகத்தில் ஒரு குழந்தைத்தனமான நிறைவு.

“பார்த்தியா, நெஜமாவே என் கை மாதிரியே இருக்குடி,” என்றார்.

“ஆமாம் அத்தை. உங்க கைதான்.”

“கோவமா?”

“இல்லை அத்தை. கோவம் போயிடுச்சு.”

அது பொய் இல்லை. கோபம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, அது அவளுக்கே பயமாக இருந்தது.

“அண்ணி, ஜாடியை நீங்களே மூடிக் கொடுத்துடுங்க,” என்று கொழுந்தன் அங்கிருந்து சொன்னான். “வேற யாராவது தொட்டாக் கெட்டுப்போயிடும்னு நீங்கதானே சொல்வீங்க. விழாவுல முதல் துளியை அம்மா வாயிலதான் வைக்கணும், போட்டோ எடுக்கிறோம்.”

பெரியவள் ஜாடியின் விளிம்பை உலர்ந்த துணியால் சுற்றிலும் துடைத்தாள். எண்ணெய் சிவப்பாக, தெளிவாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி நின்றது. மூடியை வைத்து இறுகத் திருகினாள். மேலே துணியைப் போட்டு, வழக்கம் போல இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

“பத்திரமா எடுத்துட்டுப் போங்க தம்பி,” என்றாள். “விழா வரைக்கும் யாரும் திறக்க வேண்டாம்.”